தர்கா ஜியாரத்: போர்வை, பூ, நடைமுறை, கருத்து வேறுபாடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறைநேசர் ஒருவர் அடங்கியிருக்கும் இடத்துக்குப் போய் ஸலாம் சொல்லி, அவருக்காக ஓதி, துஆ கேட்டுத் திரும்புவதைத்தான் ஜியாரத் என்கிறோம். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அறிந்த தர்கா என்பதால் நாகூரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு பதில் சொல்கிறோம். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ், அவருடைய வளர்ப்பு மகன் யூசுப் சாஹிப், மருமகள் சுல்தான் பீவி ஆகியோர் அங்கே அடங்கியிருக்கிறார்கள். சின்ன ஊர் தர்காக்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் தடவை போகிறேன். உள்ளே போனதும் என்ன செய்யணும், எங்கே நிற்கணும்?

போவதற்கு முன் முகம் கை கால் கழுவி ஒளு செய்துகொள்ளுங்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஆண்கள் தொப்பியோ கைக்குட்டையோ போட்டும் பெண்கள் முக்காடிட்டும் உள்ளே போவது வழக்கம். தொழுகை நேரமாக இருந்தால் முதலில் பள்ளிவாசலில் தொழுகையை முடித்துவிடுங்கள். கடமையான தொழுகையை விட்டுவிட்டு ஜியாரத்துக்கு வரிசையில் நிற்பதை எந்த ஆலிமும் சரியென்று சொல்லமாட்டார்.

எங்கே நிற்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நம் ஊரில் தொழும் திசையான கிப்லா மேற்கே. அதனால் கபுறு, அதாவது அடக்கம் செய்த இடம், வடக்கு தெற்காக இருக்கும். தலைமாடு வடக்கு, கால்மாடு தெற்கு, முகம் மேற்கு நோக்கி. வரும்போது கால்மாட்டுப் பக்கமாக, அதாவது தெற்கிலிருந்து வரவேண்டும். தலைமாட்டுப் பக்கமாக வருவது, உயிரோடு இருக்கும் பெரியவரின் பின்னாலிருந்து வந்து நிற்பதைப் போன்ற மரியாதைக் குறைவு என்று பெரியவர்கள் கருதினார்கள். பிறகு மேற்குப் பக்கம் போய், அவருடைய முகத்துக்கு நேராகக் கிழக்குப் பார்த்து நிற்பது முறை. அப்போது கிப்லா உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இதைக் கவனித்துப் பாருங்கள்: அங்கே நிற்பவர் தொழுகைக்கு நிற்பவருக்கு நேர் எதிர்த்திசையில் நிற்கிறார். தொழுகை வேறு, ஸலாம் சொல்வது வேறு என்பது நிற்கும் இடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

கபுறிலிருந்து நான்கு முழமாவது தள்ளி நிற்கவேண்டும் என்பது பரேலியைச் சேர்ந்த அஹ்மத் ரிஸா கான் (இறப்பு 1921) சொன்ன அளவு. தர்கா ஜியாரத்தை உறுதியாக ஆதரித்தவர் அவர். ஆறடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் இது முடியாமல் போகலாம், ஆனால் முண்டியடித்துக் கம்பியைப் பிடித்தால்தான் ஜியாரத் நிறைவேறும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஸலாம் சொல்லுங்கள். பிறகு ஃபாத்திஹா சூரா ஒரு முறை, இக்லாஸ் சூரா மூன்று முறை, முன்னும் பின்னும் ஸலவாத். நேரமிருந்தால் யாஸீன். அரபி ஓதத் தெரியாதவர் தெரிந்ததை ஓதினால் போதும். முடித்ததும், “அல்லாஹ்வே, ஓதியதன் நன்மையை இவருக்குச் சேர்த்து வைப்பாயாக” என்று கேட்டுவிட்டு உங்கள் தேவையைக் கேளுங்கள். துஆவை எந்தப் பக்கம் பார்த்துக் கேட்பது என்பதில் ஆலிம்களிடையே இரண்டு கருத்து உண்டு. சிலர் நின்ற நிலையிலேயே கேட்பார்கள், சிலர் கிப்லா பக்கம் திரும்பிக்கொள்வார்கள். சந்தேகம் வேண்டாம் என்று நினைப்பவர் கிப்லா பக்கம் திரும்பிவிடலாம்.

“வெள்ளி ராவு வாங்க” என்றார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி போனால் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள். ஏன்?

இஸ்லாமியக் கணக்கில் சூரியன் மறைந்ததும் அடுத்த நாள் தொடங்கிவிடும். வெள்ளி ராவு என்றால் வியாழக்கிழமை மாலை மக்ரிபுக்குப் பிறகு வரும் இரவு. தர்காக்களில் கூட்டம் சேர்வது அன்றுதான். நிதானமாக ஓத நினைப்பவர் வேறு நாள் காலையில் போவது நல்லது.

தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரியிலும் இதே குழப்பம் வரும். நாகூர் கந்தூரி ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கொடியேற்றத்துடன் தொடங்கி 14 நாள் நடக்கிறது. பிறை 10 ராவில் நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு புறப்பட்டு நாகூர் வந்து, விடியற்காலையில் கபுறுக்குச் சந்தனம் பூசப்படும். நாட்காட்டியில் பிறை 10 என்று போட்டிருக்கும் பகலைப் பார்த்து அன்று மாலை ரயில் ஏறுபவர், சந்தனம் பூசி முடித்த பிறகுதான் வந்து சேர்வார். முந்தைய மாலையே ஊரில் இருக்கவேண்டும். ஆங்கிலத் தேதியும் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும், பிறை தெரிவதைப் பொறுத்து ஒரு நாள் கூடக் குறைய ஆகும். ஆகவே போன வருடத் தேதியை நம்பிப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

கபுறுக்குப் போர்வை தைத்துக் கொடுக்கணும். எத்தனை மீட்டர் துணி எடுக்கணும்?

முதலில் எந்தக் கபுறு, அதன் அளவு என்ன என்று தர்காவில் கேளுங்கள். கடையில் மடித்து வைத்திருக்கும் போர்வைகள் பல அளவில் வரும். சின்னது கபுறின் மேல்தளத்தைக்கூட மூடாது. தைத்துக் கொடுப்பதென்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது உயரத்தைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேடை 7 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரம் என்று வையுங்கள். நான்கு பக்கமும் தரைவரை தொங்கவேண்டுமென்றால் நீளவாக்கில் 7 உடன் இரண்டு பக்க உயரம் 4 சேர்த்து 11 அடி. அகலவாக்கில் 3 உடன் 4 சேர்த்து 7 அடி. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் துணி 44 அங்குல அகலம். 7 அடி என்பது 84 அங்குலம், எனவே இரண்டு துண்டை நீளவாக்கில் ஒட்டுப்போடவேண்டும். இரண்டும் சேர்ந்து 88 அங்குலம், நடுத் தையலுக்கும் ஓர மடிப்புக்கும் போக 84 அங்குலம் நிற்கும். நீளத்தில் மடிப்புக்கு 4 அங்குலம் கூட்டி ஒவ்வொரு துண்டும் 11 அடி 4 அங்குலம். இரண்டு துண்டுக்கு 22 அடி 8 அங்குலம், ஏறக்குறைய 7 மீட்டர். சுற்றிலும் ஜரிகைக் கரை வைப்பதானால் 36 அடி, அதாவது 11 மீட்டர். மூலைகளில் மடித்துத் தைக்க அரை மீட்டர் கூட எடுங்கள்.

தரையைத் தொடும்படி தைக்காமல் இரண்டு அங்குலம் மேலே நிற்கும்படி தைப்பது நல்லது. தொங்கும் ஓரம் காலில் மிதிபடும், தரை கழுவும் தண்ணீரை உறிஞ்சிக் கறை ஏறும். ஒட்டுத் தையல் கபுறின் நடுவில் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை நேராக ஓடும் என்பதால் அதன் மேல் ஒரு மெல்லிய கரை வைத்துத் தைத்துவிட்டால் தெரியாது.

எந்தத் துணி? பச்சைதான் எடுக்கணுமா? குர்ஆன் வசனம் எழுதிய போர்வை நல்லதா?

பச்சை வழக்கம், கட்டாயம் இல்லை. வெள்ளை, சிவப்பு, நீலம் எல்லாம் போர்த்துகிறார்கள்.

சாட்டின் பளபளப்பாக இருக்கும், ஆனால் பளிங்கு மேடையில் வழுக்கும். மேலே பூ குவிந்ததும் ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கிவிடும். வெல்வெட் நன்றாக உட்காரும், ஆனால் ஈரப் பூ பட்ட இடம் தடம் விழுந்து, காய்ந்த பிறகும் அப்படியே நிற்கும். அடியில் பருத்தி லைனிங் வைத்துத் தைத்த துணி இரண்டுக்கும் நடுவே நல்ல வழி. வழுக்காது, பிறகு ஒருவருக்குப் பயன்படவும் செய்யும்.

வசனம் எழுதிய போர்வை வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. போர்வை மேலே மட்டும் இருப்பதில்லை. அது சரியும், தொங்கும், எடுத்து மூட்டையாகக் கட்டப்படும், தரையில் வைக்கப்படும். இறைவசனம் கால் படும் இடத்துக்கு வந்துவிடும். ஒளு இல்லாத கையும் படும். கொடுத்தவரின் எண்ணம் மரியாதைதான், ஆனால் முடிவு அவமரியாதையாகிறது. வெறும் கரையோ பூ வேலைப்பாடோ போதும்.

பூ எவ்வளவு வாங்கணும்? பூப்போர்வை கட்டச் சொன்னால் எத்தனை முழம் ஆகும்?

சாதாரண ஜியாரத்துக்கு ஒரு பொட்டலம் ரோஜா இதழும் இரண்டு முழம் மல்லிகையும் தாராளம். அதற்கு மேல் வாங்குவது பூவுக்கு மேல் பூ.

பூப்போர்வை என்றால் மல்லிகைச் சரங்களை வலைபோலக் கட்டி, முடிச்சுக்கு முடிச்சு ரோஜா வைப்பது. மேல்தளத்துக்கு மட்டும், மேலே சொன்ன 7 அடிக்கு 3 அடி அளவில், ஆறு அங்குலத்துக்கு ஒரு சரம் என்று கட்டினால் நீளவாக்கில் 7 சரம், குறுக்கே 15 சரம் வரும். மொத்தம் 94 அடி. முழம் ஒன்றரை அடி என்று வைத்தால் 63 முழம். பூக்காரர் 40 முழத்தில் முடித்துத் தருகிறேன் என்றால் கட்டம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். கம்பியோ குண்டூசியோ வைத்துக் கட்டவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது அடியில் இருக்கும் துணியைக் கிழிக்கும், துருக்கறை பிடிக்கும், பூவை அள்ளுபவர் கையைக் குத்தும். நூலும் வாழைநாரும் போதும்.

தண்ணீர் தெளித்த பூவை நன்றாக உதறிவிட்டுக் கொடுங்கள். ஈரம் இறங்கினால் ஜரிகை கறுக்கும், சாயத் துணியாக இருந்தால் பளிங்கில் நிறம் ஏறும். காலையில் கட்டிய மல்லிகை நெகிழிப் பையில் மூடிக் கிடந்தால் மதியத்துக்குள் பழுப்பேறி வாடை அடிக்கும். பையை விடக் கூடை நல்லது, வாழை இலை அதைவிட நல்லது. காகிதப் பூவும் நெகிழிப் பூவும் வேண்டாம். பூ வைப்பதற்குச் சொல்லப்படும் காரணமே அது பச்சையாக இருப்பதுதான். அதைக் கீழே விளக்குகிறோம்.

நாங்கள் கொடுத்த போர்வையைப் போர்த்திய அஞ்சு நிமிஷத்தில் எடுத்துவிட்டார்கள். மனசு கஷ்டமாக இருக்கிறது. அது எங்கே போகிறது?

பின்னால் நிற்பவரும் ஒரு போர்வையோடுதான் நிற்கிறார். கூட்ட நாளில் ஒன்றன்மேல் ஒன்று போர்த்திக்கொண்டே போனால் குவிந்து சரிந்துவிடும். ஆகவே போர்த்தி, ஃபாத்திஹா ஓதி, எடுத்துவிடுவார்கள். சில தர்காக்களில் அதையே கொடுத்தவரின் தலைமேல் ஒரு கணம் போர்த்தி துஆ செய்வதும் உண்டு. எடுத்த போர்வைகளில் சில தர்காவிலேயே தங்கும், சில வந்தவர்களுக்குத் தபர்ருக்காக, அதாவது அருட்பொருளாகக் கொடுக்கப்படும். மறுபடி கடைக்கு விற்பனைக்கு வருவதும் சில இடங்களில் நடக்கிறது. கடையில் வாங்கும் போர்வையின் மடிப்பில் பூச்சாறு தடமோ ஊதுபத்தி வாசமோ இருந்தால் அது ஏற்கெனவே ஒரு முறை உள்ளே போய்வந்தது.

இந்த இடத்தில் அஹ்மத் ரிஸா கான் சொன்னதை எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டும். கபுறின்மேல் போர்வை இருந்து, அது பழசாகவோ கெட்டோ போகாமல் இருந்தால், இன்னொன்று போர்த்துவது வீண். அந்தப் பணத்தை, வலி எனப்படும் அந்த இறைநேசரின் பெயரால் நன்மை சேரட்டும் என்று ஏழைக்குக் கொடு என்றார். நடைமுறையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. போகுமுன் தர்காவில் கேளுங்கள்: இப்போது போர்வை தேவைப்படுகிறதா? ஆம் என்றால் அளவெடுத்துத் தையுங்கள். இல்லை என்றால் அதே 7 மீட்டருக்கு ஆகும் பணத்தில் தர்கா வாசலில் இருப்பவர்களுக்குச் சாப்பாடோ உடுதுணியோ கொடுங்கள். நேர்ச்சையாகவே போர்வை என்று குறிப்பிட்டிருந்தால் உங்கள் ஊர் இமாமிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

நேர்ச்சை எப்படி வைக்கணும்? “எஜமானுக்கு நேர்ந்துகொண்டேன்” என்று சொல்வது தப்பா?

நாகூர் வலியுல்லாஹ்வை எஜமான் என்று அழைத்து, பேச்சு வழக்கில் அப்படித்தான் சொல்கிறார்கள், சொல்பவர் மனதிலும் பெரும்பாலும் தவறில்லை. ஆனால் சட்டப்படி நேர்ச்சை ஒரு வணக்கம். அது அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது. இதில் ஆதரிப்பவர், எதிர்ப்பவர் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை. சரியான வாசகம் இப்படி இருக்கும்: “அல்லாஹ்வே, என் மகனுக்குச் சுகம் கிடைத்தால் உனக்காகப் பத்துப் பேருக்குச் சாப்பாடு கொடுப்பேன், அதன் நன்மை நாகூர் வலியுல்லாஹ்வுக்குச் சேரட்டும்.” கொடுப்பது அல்லாஹ்வுக்கு, உண்பது ஏழை, நன்மை வலிக்கு. இந்த மூன்றும் தனித்தனியாக இருந்தால் சிக்கல் இல்லை. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் “எஜமானுக்கு” என்று சுருக்கும்போதுதான் கேட்பவர் திடுக்கிடுகிறார்.

நாங்கள் இந்துக்கள். தலைமுறையாக நாகூர் போகிறோம். நாங்கள் செய்யக்கூடாதது ஏதாவது உண்டா?

நாகூரின் வரலாறே உங்களைச் சேர்த்துத்தான். 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். கந்தூரிக்குச் சந்தனக் கட்டையை இன்று தமிழக அரசு விலையில்லாமல் தருகிறது. முடியிறக்குவது, புறா விடுவது, வீடு, கப்பல், கை கால் உருவம் பதித்த தகடு போடுவது எல்லாம் அங்கே பல சமயத்தாரும் சேர்ந்து வளர்த்த வழக்கங்கள்.

தலையை மூடிக்கொள்ளுங்கள். கைகூப்புவதை யாரும் தடுக்கமாட்டார்கள். சூடம் கொளுத்தி உள்ளே ஆரத்தி காட்டுவதும் குங்குமம் இடுவதும் வேண்டாம். ஊதுபத்தி ஏற்ற வெளியே இடம் காட்டுவார்கள், அங்கேயே வையுங்கள், போர்வைக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது. மயில்தோகையால் தலையில் வருடி ஓதுபவருக்குக் கொடுப்பது உங்கள் விருப்பம். இத்தனை கொடுத்தால்தான் நேர்ச்சை பலிக்கும் என்று தொகை சொல்பவரிடம் மறுத்துவிடலாம், அப்படி ஒரு விதி கிடையாது.

பெண்கள் உள்ளே போகலாமா?

இடத்துக்கு இடம் மாறும். கபுறு இருக்கும் உள்ளறைக்குப் பெண்களை விடாமல், வாசலிலோ பக்கத்திலோ நிற்க வைக்கும் தர்காக்கள் உண்டு. கபுறுகளுக்கு அடிக்கடி செல்லும் பெண்களை நபியவர்கள் சபித்ததாக வரும் ஹதீஸைச் சிலர் காட்டுகிறார்கள். தடை தொடக்க காலத்தோடு முடிந்துவிட்டது, நபியவர்களின் துணைவியார் ஆயிஷா நாயகி தம் சகோதரரின் கபுறுக்குப் போயிருக்கிறார்களே என்று மற்றவர்கள் காட்டுகிறார்கள். மும்பை ஹாஜி அலி தர்காவில் உள்ளறைத் தடை நீதிமன்றம்வரை போய், 2016 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில் பெண்கள் உள்ளே போனார்கள். போகும் தர்காவின் வழக்கத்தை வாசலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

கபுறில் நெற்றி வைத்து முத்தமிடுகிறார்களே, சுற்றி வருகிறார்களே?

நெற்றி வைப்பது, தொழுகையில் நெற்றி நிலத்தில் வைத்துப் பணியும் ஸஜ்தாவானால் ஹராம். வணங்கும் எண்ணத்தில் வைத்தால் அது அல்லாஹ்வுக்கு இணைவைக்கும் ஷிர்க். மரியாதைக்காக என்றாலும் ஹராம் என்று அஹ்மத் ரிஸா கானே விரிவாக எழுதியிருக்கிறார். சுற்றி வருவதும் கூடாது, தவாஃப் கஅபாவுக்கு மட்டும் உரியது. கூட்டத்தில் வரிசை கபுறைச் சுற்றி நகர்ந்தால் அது தவாஃப் ஆகிவிடாது. ஒரு சுற்று, ஏழு சுற்று என்று எண்ணிச் சுற்றுவதுதான் தவறு.

முத்தமிடுவதில் கருத்து பலவாறு உண்டு. விட்டுவிடுவதே நல்லது என்பதுதான் ஆதரிக்கும் ஆலிம்களிலும் கவனமானவர்கள் சொல்வது. சின்னப் பிள்ளையின் தலையைப் பிடித்துக் கபுறில் அமுக்கிவைக்கும் பெற்றோரிடம் இதை அன்பாகச் சொல்லவேண்டும்.

சில முஸ்லிம்கள் ஏன் இதையெல்லாம் கூடாது என்கிறார்கள்? அவர்களும் முஸ்லிம்கள்தானே?

கபுறுக்குப் போவதையே அவர்கள் மறுக்கவில்லை. “கபுறுகளைச் சந்திப்பதைத் தடுத்திருந்தேன், இனி சந்தியுங்கள்” என்ற நபிமொழி இரு தரப்புக்கும் பொது. மறுமையை நினைக்கவும் இறந்தவருக்காக துஆ செய்யவும் போகலாம் என்பார்கள். அவர்கள் எதிர்ப்பது அதற்கு மேலே கட்டியெழுப்பப்பட்டதை.

அவர்கள் காட்டும் ஆதாரங்கள் லேசானவை அல்ல. கபுறைப் பூசுவதையும் அதன்மேல் கட்டடம் எழுப்புவதையும் நபியவர்கள் தடுத்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. தம் நபிமார்களின் கபுறுகளை வணக்கத்தலமாக்கியவர்களை அல்லாஹ் சபிக்கட்டும் என்று கடைசி நோயின்போது சொன்னதாக புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மூன்று பள்ளிவாசல்களைத் தவிர வேறு இடத்துக்குப் பயணம் கட்டக்கூடாது என்பதும் அப்படியே. போர்வையைப் பற்றிப் பேசும்போது ஆயிஷா நாயகி வீட்டில் தொங்கவிட்ட திரைத்துணியை நபியவர்கள் கிழித்த செய்தியைச் சொல்வார்கள். “கல்லுக்கும் மண்ணுக்கும் துணி உடுத்தும்படி அல்லாஹ் நமக்குக் கட்டளையிடவில்லை” என்றார்கள் அப்போது. வீட்டுச் சுவருக்கே இப்படியென்றால் கபுறுக்கு எப்படி என்பது அவர்கள் கேள்வி.

1328இல் இறந்த மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யா இந்த வாதங்களைத் தொகுத்து வலுவாக வைத்தவர். ஷாஃபிஈ மத்ஹப் என்ற சட்டவழியைச் சேர்ந்த தகிய்யுத்தீன் சுப்கி அவருக்கு மறுப்பு எழுதினார். ஆக இது நேற்று வந்த சண்டை அல்ல. தமிழ்நாட்டில் ஓரிறைக் கொள்கையை வலியுறுத்தும் தவ்ஹீத் அமைப்புகள் இதே வாதங்களைத் தமிழில் ஊர் ஊராகக் கொண்டுபோயின. 2016 ஜனவரி 31 அன்று திருச்சியில் ஷிர்க் ஒழிப்பு மாநாடு என்றே ஒன்று நடந்தது. தேவ்பந்த் வழி ஆலிம்கள் இடையில் நிற்கிறார்கள். ஜியாரத் சரி, நினைவுநாள் விழாவான உரூஸ் கொண்டாட்டமும் போர்வையும் வேண்டாம் என்பார்கள்.

அப்படியானால் தர்காவுக்குப் போகும் சுன்னத் ஜமாஅத்தார் என்ன ஆதாரம் சொல்கிறார்கள்?

பூவுக்கு அவர்கள் காட்டுவது, புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஒரு நிகழ்ச்சி. நபியவர்கள் இரண்டு கபுறுகளைக் கடந்தபோது அவற்றில் இருப்பவர்கள் வேதனை செய்யப்படுவதை அறிந்து, ஒரு பச்சைப் பேரீச்ச மட்டையை இரண்டாகப் பிளந்து ஒவ்வொன்றிலும் நட்டார்கள். இவை காயாமல் இருக்கும்வரை வேதனை குறைக்கப்படலாம் என்றார்கள். பச்சையாக இருப்பது இறைவனைத் துதிக்கிறது, அதன் பயன் அடங்கியிருப்பவருக்குக் கிடைக்கிறது என்று இதிலிருந்து எடுத்தார்கள். புதுப் பூ வைப்பதும், காகிதப் பூ வேண்டாம் என்பதும் இதனால்தான்.

எதிர்ப்பவர்கள் இதே ஹதீஸைத் திருப்பிக் காட்டுவார்கள். அது வேதனையில் இருந்தவர்களுக்குச் செய்தது, அந்த வேதனை நபியவர்களுக்கு இறைவன் அறிவித்து மட்டுமே தெரிந்தது. நல்லடியார் கபுறில் அதைச் செய்தால் என்ன பொருள் என்று கேட்பார்கள். கூர்மையான கேள்விதான். ஆதரிப்பவர்களின் பதில், வேதனையைக் குறைப்பது நன்மையைக் கூட்டவும் செய்யும் என்பது.

போர்வைக்கு நேரடி ஹதீஸ் இல்லை. ஹனஃபி சட்ட அறிஞர் இப்னு ஆபிதீன் (இறப்பு 1836) கருத்தைக் காட்டுவார்கள். முன்னோர் சிலர் இதை வெறுத்தார்கள், ஆனால் பொதுமக்கள் கபுறில் அடங்கியிருப்பவரை அலட்சியப்படுத்தாமல் மரியாதையோடு இருக்கவேண்டும் என்ற நோக்கத்துக்காக ஆகுமானது என்றார். இதில் கவனிக்கவேண்டியது, போர்வை போர்த்தினால் தேவை நிறைவேறும் என்று அவர் சொல்லவில்லை. மரியாதை என்ற ஒரே காரணத்தில்தான் அது நிற்கிறது. அந்தக் காரணம் ஒரு போர்வைக்குப் பொருந்தும், நூறாவது போர்வைக்குப் பொருந்தாது.

உண்மையான பிளவு இருப்பது பூவிலோ போர்வையிலோ அல்ல, வஸீலாவில். அதாவது வலியின் பொருட்டால் அல்லாஹ்விடம் கேட்கலாமா என்பதில். கலீஃபா உமர் அவர்கள் வறட்சிக் காலத்தில், “முன்பு எங்கள் நபியைக் கொண்டு உன்னிடம் கேட்டோம், மழை தந்தாய். இப்போது எங்கள் நபியின் சிறிய தந்தையைக் கொண்டு கேட்கிறோம்” என்று அப்பாஸ் அவர்களை முன்னிறுத்தி துஆ கேட்டார்கள். ஒரு மனிதரைக் கொண்டு கேட்கலாம் என்பதற்கு இது சான்று என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். நபியின் கபுறு பக்கத்திலேயே இருக்க, உயிரோடு இருந்தவரிடம் ஏன் போனார்கள், இறந்தவரைக் கொண்டு கேட்கக்கூடாது என்பதற்குத்தான் இது சான்று என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். ஒரே செய்தியை இரு தரப்பும் ஏற்கிறது, எடுக்கும் முடிவுதான் வேறு.

“அல்லாஹ்வே, இந்த நல்லடியாரின் பொருட்டால் கொடு” என்பதும், “எஜமானே, கொடு” என்பதும் ஒன்றல்ல. முதல் வகையை நான்கு மத்ஹபிலும் ஏற்ற அறிஞர்கள் உண்டு. இரண்டாவதை, தரும் சக்தி வலிக்கே சொந்தமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் சொன்னால் எல்லோரும் ஷிர்க் என்பார்கள். அல்லாஹ் கொடுத்த சக்தியால் உதவுவார் என்ற நம்பிக்கையில் சொன்னால் ஆதரிப்பவர்கள் விளக்கம் தருவார்கள், எதிர்ப்பவர்கள் ஏற்கமாட்டார்கள். முதல் வகைச் சொற்களைப் பழகிக்கொள்ளும்படிதான் நாங்கள் சொல்வோம்.

கபுறே இல்லாத தர்காவும் இருக்கிறதாமே?

உண்டு. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நாகூர் வலியுல்லாஹ் பெயரில் தர்காக்கள் இருக்கின்றன. கடல் கடந்து போன தமிழ் முஸ்லிம்கள் நினைவாகக் கட்டியவை, அடக்கம் நாகூரில்தான். சிங்கப்பூரில் இருப்பது 1830 வாக்கில் எழுந்தது, இப்போது பாரம்பரிய மையமாக இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் கபுறுக்குரிய ஸலாமும் போர்வையும் பொருந்தாது. ஓதி நன்மை சேர்க்க எந்த இடமும் சரிதான்.

அம்மாவுக்குப் போர்வை போர்த்த ஆசை. அண்ணன் ஷிர்க் என்று சத்தம் போடுகிறான். வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. என்ன செய்வது?

இரண்டு பேரும் எதை மறுக்கவில்லை என்று முதலில் பாருங்கள். கபுறைச் சந்திப்பது, ஸலாம் சொல்வது, இறந்தவருக்காக துஆ செய்வது, ஏழைக்குக் கொடுப்பது ஆகியவற்றை அண்ணனும் ஏற்பார். ஸஜ்தா கூடாது, நேர்ச்சை அல்லாஹ்வுக்கே என்பதை அம்மாவும் ஏற்பார், யாராவது பொறுமையாகச் சொல்லியிருந்தால். அம்மா போகட்டும். வெளியூர் என்றால் அண்ணன் உள்ளே வராமல் துணைக்கு மட்டும் போகலாம், தாய்க்குத் துணை போவதில் யாருக்கும் மறுப்பிருக்காது. போர்வைப் பணத்தைச் சாப்பாடாக மாற்றிக் கொடுக்க அம்மா சம்மதித்தால் பாதிச் சண்டை முடிந்தது. சம்மதிக்கவில்லையென்றால் வசனம் எழுதாத ஒரு போர்வை, தர்காவில் கேட்டுக்கொண்டு ஒரு முறை.

ஷிர்க் என்ற சொல்லை ஒரு ஆளின்மீது போடுவதற்கு முன் அவர் மனதில் என்ன நம்பிக்கை இருக்கிறது என்று கேட்டாகவேண்டும். அண்ணன் அம்மாவிடம் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று: “உம்மா, யார் கொடுக்கிறதாக நினைச்சுப் போறீங்க?” “அல்லாஹ்தான்பா கொடுப்பான், எஜமான் எனக்காகக் கேட்பாங்க” என்று அம்மா சொன்னால், மிச்சமிருப்பது வஸீலாவைப் பற்றிய பேச்சு. அதை ஆலிம்கள் பல நூற்றாண்டாகப் பேசி வருகிறார்கள், வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்.